பள்ளிக் கட்டடம் இடிபடும் முன் கடைசி நாளில் வாசிக்க ஒரு வெண்பா: பார்த்துச் சொல்லுங்கள்

பின்வரிசைக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் படித்த பள்ளியின் பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். இந்த ஞாயிறு சாயங்காலம் பழைய மாணவர்கள் எல்லோரும் உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. திங்கள் காலையில் வேலை ஆரம்பம். ஞாயிறு அன்று வாசலில் நின்று ஒரு கவிதை வாசிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தமிழம்மா வெண்பா எழுதச் சொல்லிக் கொடுத்தவர். அன்று அவரும் வருகிறார். அதனால் வெண்பாவாகவே இருக்க வேண்டும் என்று ஆசை. எழுதியது இது:

தண்டவாளத் துண்டின் ஓசை கேட்டு
மண்படிந்த காலுடன் வந்து அமர்ந்தோம்
நாளை இடிபடும் பள்ளியே உன்னில்
நினைவுகள் நிற்கும் நிலைத்து

எங்கள் பள்ளியில் மணி என்று தனியாக எதுவும் கிடையாது. ரயில் தண்டவாளத்தில் வெட்டிய ஒரு முழத் துண்டைக் கயிற்றில் கட்டித் தூணில் தொங்கவிட்டிருப்பார்கள். அதை இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். முதல் வரி அதைப் பற்றியது. எங்கே தட்டுகிறது என்று சொல்லுங்கள்.

தமிழ்மணி:
நல்லா இருக்குங்க. முதல் மூணு அடியில நாலு நாலு சீர், கடைசி அடியில மூணு சீர். கணக்கு சரி, வெண்பா ஆயிடுச்சு. ஒரே குறை, மூணாவது நாலாவது அடியில எதுகை இல்ல. நாளை, நினைவு. எதுகை இல்லனா வெண்பான்னு ஒத்துக்க மாட்டாங்க. அதை மட்டும் சரி பண்ணிடுங்க.

மரபுப்பித்தன்:
தமிழ்மணி, சீர் எண்ணிக்கை சரி என்பது வரைக்கும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெண்பாவை வெண்பா ஆக்குவது எதுகை இல்லை, தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறை. எதுகையே இல்லாமல் செந்தொடையாகக்கூட வெண்பா வரலாம். தளை தட்டினால் வராது.

அம்மா, முதல் அடியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "துண்டின் ஓசை கேட்டு". மூன்று சீரும் தேமா. ஒவ்வொன்றும் இரண்டு தட்டு தட்டி நின்றுவிடுகிறது, அடுத்ததை இழுக்கவில்லை. மாச்சீர் வந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும். துண்டின் என்பதற்கு அடுத்து ஓசை, அது நேர். ஓசைக்கு அடுத்து கேட்டு, அதுவும் நேர். கேட்டு என்பதிலிருந்து அடுத்த அடியின் மண் என்பதற்குப் போனால் அங்கேயும் நேர். ஒரே அடியில் மூன்று இடத்தில் தட்டுகிறது.

இரண்டாவது அடியில் வேறு விஷயம். "வந்து அமர்ந்தோம்" என்று எழுதிவிட்டீர்கள், ஆனால் வாய் அப்படிச் சொல்லாது. வந்தமர்ந்தோம் என்றுதான் வரும். அந்த உகரம் கரைந்ததும் இரண்டு சீர் ஒன்றாகிவிடும். அடியில் மூன்று சீர்தான் மிச்சம். இது நல்லதற்குத்தான். காலியான நாலாவது இடத்தில் தண்ட, மண்ப என்ற எதுகையிலேயே ஒரு தனிச்சொல் போட்டால் நேரிசை வெண்பா ஆகிவிடும்.

இப்போது முக்கியமானதுக்கு வருகிறேன். உங்கள் கடைசி அடி "நினைவுகள் நிற்கும் நிலைத்து". தளையில் ஒரு குறையும் இல்லை. உன்னில் மா, நினை நிரை. நினைவுகள் விளம், நிற் நேர். நிற்கும் மா, நிலைத் நிரை. பிறப்பில் முடிகிறது. மூன்றும் மோனை. இலக்கணத்தில் இவ்வளவு சுத்தமான அடி இந்த நாலில் வேறு இல்லை. ஆனால் எனக்கு இருப்பதிலேயே பிடிக்காத அடி இதுதான். தியேட்டரை இடித்தாலும் இதைச் சொல்லலாம், பழைய பஸ் ஸ்டாண்டை இடித்தாலும் சொல்லலாம். தண்டவாளத் துண்டு உங்கள் பள்ளிக்கு மட்டும் உரியது. அந்த அடி தட்டுகிறது, ஆனால் உயிரோடு இருக்கிறது. அதைக் காப்பாற்றுங்கள், இதை மாற்றுங்கள்.

கொருக்குப்பேட்டை குணா:
எங்க பள்ளிக்கூடமும் போயிடுச்சு சார். நாங்களும் கவிதை வாசிச்சோம். பேட்ச்ல ஒருத்தர் எழுதினது, ஃப்ளெக்ஸ்ல அடிச்சு மாட்டினோம், பெரிய கவிதை. தெருவுல மைக் வெச்சு வாசிச்சாரு. ஹார்பர் போற கன்டெய்னர் லாரி ஒண்ணு பின்னாடி ஒண்ணா போயிட்டே இருந்துச்சு. நாலு வரிக்கு ஒரு வரிதான் காதுல விழுந்துச்சு. எங்க சயின்ஸ் வாத்தியார் பேர் வந்த இடத்துல மட்டும் எல்லாரும் கைதட்டினாங்க. மத்தது என்ன சொன்னாருன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஃப்ளெக்ஸும் மழைல போச்சு. எழுதறதை விட எங்க நின்னு வாசிக்கப் போறீங்கன்றதை முதல்ல பாருங்க மேடம். வாசல்ல வேணாம், உள்ள முற்றத்துல வாசிங்க.

சேகர்_தண்டையார்பேட்டை:
இடிப்பதை நிறுத்த இன்னும் நேரம் இருக்கிறது. பழைமையான கட்டடம் என்றால் மனு கொடுக்கலாம். கையெழுத்து இயக்கம் ஆரம்பியுங்கள், நான் முதல் கையெழுத்து போடுகிறேன். ராயபுரம் ரயில் நிலையம் 1856-இல் திறந்தது, இன்னும் நிற்கிறது. மனசு இருந்தால் எதையும் காப்பாற்றலாம்.

கொத்தனார்மகன்:
சேகர் அண்ணே, அக்கா கேட்டது கவிதையைப் பத்தி. இருந்தாலும் சொல்றேன். எங்கப்பா கொத்தனார், நான் பழைய கட்டடம் பிரிக்கிற வேலையில இருக்கேன். அந்தக் கட்டடத்தை நான் பார்க்கல, ஆனா அந்தப் பக்கம் பழைய பள்ளிக்கூடம்னா பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ்தான். தேக்குக் கட்டை வரிசையா வெச்சு, அது மேல சின்ன செங்கல்லைக் குறுக்குவாட்டமா நிக்க வெச்சு சுண்ணாம்புல கட்டி, அதுக்கு மேல செங்கல் ஜல்லி போட்டு இடிச்சு, தட்டோடு ஒட்டியிருப்பாங்க. சுண்ணாம்பும் செங்கல்லும் சீக்கிரம் போகாது. போறது கட்டையோட முனை. சுவருக்குள்ள சொருகியிருக்கிற அந்த முனையில ஈரம் ஏறி உளுத்துடும். வெளியே பார்த்தா கட்டை நல்லா இருக்கிற மாதிரியே தெரியும். சுவர் ஓரமா சுத்தியால தட்டினா நடுவுல வர்ற சத்தம் அங்க வராது, மொத்துன்னு கேக்கும். குழந்தைங்க உக்கார்ற இடத்துக்கு மேல அப்படிக் கேட்டா யாரும் வெச்சிருக்க மாட்டாங்க. முனையை வெட்டி ஒட்டலாம், புதுக் கட்டை மாத்தலாம். செலவு இருக்கு, வேலை தெரிஞ்ச ஆளும் வேணும்.

அக்கா, உங்களுக்கு ஒண்ணு. திங்கக்கிழமை வேலை ஆரம்பம்னா ஆளுங்க அதுக்கு முன்னாடியே வந்துடுவாங்க. கதவு, ஜன்னல், நிலை எல்லாம் விலை போற சாமான், முதல்ல அதைத்தான் கழட்டுவாங்க. ஞாயித்துக்கிழமை நீங்க போறப்ப கதவு இல்லாத வகுப்பைத்தான் பார்ப்பீங்க. கரும்பலகை, பெஞ்சு, அந்தத் தண்டவாளத் துண்டு எது வேணும்னாலும் இன்னிக்கே போய்ப் பொறுப்பு ஆளுங்ககிட்ட கேட்டு எழுதி வாங்கிக்குங்க. இரும்பு எடைக்குப் போயிடும்.

பின்வரிசைக்காரி:
கொத்தனார்மகன் தம்பி, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்னதும் எங்கள் குழுவில் ஒருவரை அனுப்பினேன். கதவுகளை ஏற்கெனவே கழட்டிச் சாய்த்து வைத்திருக்கிறார்களாம். தண்டவாளத் துண்டு இன்னும் தொங்குகிறதாம். அதைத் தர ஒத்துக்கொண்டார்கள்.

மரபுப்பித்தன் ஐயா, நீங்கள் சொன்னபடி மாற்றிப் பார்த்தேன். எங்கள் வகுப்பில் பின்வரிசைப் பெஞ்சுக்கு முதுகுச் சாய்மானம் கிடையாது. சுவர்தான் சாய்மானம். ஒவ்வொரு தோள் பட்ட இடத்திலும் வெள்ளை போய் எண்ணெய்க் கறை வரிசையாக இருக்கும். வருஷா வருஷம் வெள்ளையடித்தாலும் அரைப் பரீட்சைக்குள் கறை திரும்ப வந்துவிடும். கடைசி அடிக்கு அதை எடுத்துக்கொண்டேன்.

தண்டவாளத் துண்டு தருமோசை கேட்டோடி
மண்படிந்த காலுடன் வந்தமர்ந்தோம் – கண்ணெதிரே
நாளை இடிபடும் நம்வகுப்பே உன்சுவரில்
தோளினைச் சாய்த்தோம் தொழுது

மரபுப்பித்தன்:
தட்டவில்லை. துண்டு மா, தருமோசை நிரையில் தொடங்குகிறது. தருமோசை காய், கேட்டோடி நேர். அங்கிருந்து மண்படிந்த வரைக்கும் வழுக்கிக்கொண்டு போகிறது. ஓடி வருகிற பிள்ளைகளைச் சொல்லும் அடி இப்போது ஓடுகிறது. முன்பு நின்று நின்று வந்தது.

கண்ணெதிரே என்ற தனிச்சொல் இரண்டு பக்கமும் சேர்கிறது. கண்ணெதிரே வந்தமர்ந்தோம் என்றும் கொள்ளலாம், கண்ணெதிரே நாளை இடிபடும் என்றும் கொள்ளலாம். அதைத் தொடாதீர்கள்.

கையறுநிலை என்று பழைய துறை ஒன்று உண்டு, இழந்ததை எண்ணிப் பாடுவது. பாரியின் மகளிர் பாடிய புறநானூற்று 112-ஆம் பாட்டில் மொத்தம் ஐந்தே அடி. அன்றைய நிலவில் தந்தை இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இன்றைய நிலவில் குன்றைப் பிறர் கொண்டார்கள், தந்தை இல்லை. இவ்வளவுதான் சொல்கிறார்கள். அழுதோம் என்றோ, மறக்க மாட்டோம் என்றோ ஒரு சொல் கிடையாது. நிலவும் குன்றும் போதும் என்று விட்டுவிட்டார்கள். உங்களுக்குத் தண்டவாளமும் சுவரும் போதும்.

தமிழ்மணி:
தளை பற்றிச் சொன்னது புரிஞ்சுது ஐயா. ஆனா எதுகை வேண்டாம்னு சொன்னீங்க, இப்ப பாருங்க, நாளை - தோளினை வந்ததும்தான் காதுக்கு நிறைவா இருக்கு.

மரபுப்பித்தன்:
வேண்டாம் என்று சொல்லவில்லை தம்பி. இல்லாவிட்டால் வெண்பாவே ஆகாது என்றீர்கள், அது தவறு என்றேன். தனிச்சொல் வைத்த நேரிசைக்கு எதுகை வேண்டும்தான். கூட்டத்தில் வாசிக்கிற பாட்டுக்கு இன்னும் வேண்டும். ஒரு சொல் லாரிச் சத்தத்தில் போனாலும் எதுகை அடுத்த அடியின் தொடக்கத்தைக் காதுக்குக் காட்டிக் கொடுக்கும்.

வியாசை கானா:
யக்கா, வணக்கம். நான் வியாசர்பாடி. சாவு வூட்ல கானா பாடறவன். உங்க பாட்டு சூப்பரா கீது, இல்லன்னு சொல்லல. ஆனா நாங்க ஒரு சாவு வூட்ல பாடறதுக்கு முன்னாடி முதல்ல வூட்டு ஆளுங்களாண்ட பேர் கேப்போம். அவர் எங்க வேலை செஞ்சாரு, யாரோட சுத்துனாரு, எந்த டீக்கடைல நிப்பாரு, பேரன் பேத்தி பேர் இன்னா. ராத்திரி பூரா பாடறதுல பாதி அதான். பேர் வந்தா தான் அந்த வூட்டுப் பொம்பளைங்க அழுவாங்க. பேர் வரலன்னா அது யார் வூட்டு சாவோ.

உங்க பாட்டுல மணி கீது, சுவர் கீது, ஆளு யாரும் இல்ல. கேட்டாண்ட மாங்கா வித்த ஆயா இருந்திருக்குமே? அது இல்லாத இஸ்கூல் ஏதுக்கா?

பின்வரிசைக்காரி:
இருந்தாங்க தம்பி. வாசலை ஒட்டி ஒரு பூவரச மரம், அதன் கீழே கோணி விரித்து உட்கார்ந்திருப்பாங்க. மாங்காய்க் கீற்று, நெல்லிக்காய், இலந்தைப் பழம். கல்லுப்பு தனியாக ஒரு கொட்டாங்குச்சியில். காசு இல்லாத பிள்ளைக்கும் கொடுப்பாங்க. பெயர் எங்களில் யாருக்கும் தெரியவில்லை, எல்லோருக்கும் ஆயாதான். இன்று உட்கார்ந்து எழுதினேன்:

கல்லுப்புத் தொட்டுக் கடிக்கின்ற மாங்காயும்
நெல்லியும் நீட்டிய ஆயாவே – சொல்லாயோ
வாசல் இடிந்தால் வழக்கமாய் நீயமரும்
நேசநிழல் எங்கே இனி

தமிழ்மணி:
எனக்கே தெரியுது, தட்டல. எதுகையும் இருக்கு. எங்கே மா, இனி நிரை, மலர்ல முடியுது. சரிதானே ஐயா?

மரபுப்பித்தன்:
சரி. கல்லுப்பு அடி இந்த இரண்டு பாட்டிலும் சிறந்த அடி.

வியாசை கானா:
யக்கா, நேசநிழல்னா இன்னா மரம்? நீங்களே பூவரசுன்னு மேல எழுதிக்கிறீங்க. அத ஏன் பாட்டுல போடல?

கொருக்குப்பேட்டை குணா:
கரெக்ட். பூவரசுன்னு சொன்னா அந்த இலைல பீப்பி சுருட்டி ஊதினவன் எல்லாம் நிமிர்ந்து பார்ப்பான்.

பின்வரிசைக்காரி:
சரியாகச் சொன்னீர்கள். எதுகைக்காக வாசல், நேசம் என்று போய்விட்டது. மரம் கட்டடத்துக்கு முன்பே போய்விட்டது, தெருவை அகலப்படுத்தியபோது வெட்டினார்கள். அதையும் உள்ளே கொண்டுவந்து பார்த்தேன்:

கல்லுப்புத் தொட்டுக் கடிக்கின்ற மாங்காயும்
நெல்லியும் நீட்டிய ஆயாவே – நல்லவளே
நீவந் தமர்ந்த நிழலெங்கே நின்றிருந்த
பூவரசும் எங்கே புகல்

மரபுப்பித்தன்:
நீவந் தமர்ந்த என்று சீர் பிரித்ததைத் தாளில் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், வாசிக்கும்போது நீ வந்தமர்ந்த என்று சேர்த்தே சொல்லுங்கள். நிழலெங்கே என்ற இடத்தில் மூச்சு விடுங்கள். புகல் என்பது இன்று பேச்சில் இல்லாத சொல். எனக்கு அது உறுத்தவில்லை. கேட்கிறவர்களுக்கு உறுத்தலாம்.

வியாசை கானா:
புகல் எனக்குப் புரியல ஐயா. ஆனா பூவரசு வந்துட்சு, எனக்கு அது போதும்.

பின்வரிசைக்காரி:
புகலுக்கு வேறு சொல் தேடிக்கொண்டிருக்கிறேன். பூவுக்கு மோனையாகவும் வேண்டும், நிரையில் தொடங்கவும் வேண்டும். "எங்கே இனி" என்று பழையபடி முடித்தால் எல்லோருக்கும் புரியும், மோனை போகும். தமிழம்மா முன்னால் எதை வாசிப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

கொத்தனார்மகன்:
அக்கா, பாட்டு நல்லா இருக்கு. ஆனா முதல் பாட்டுல சுவர்ல சாய்ஞ்சோம்னு சொல்றீங்க. அதை வாசிச்ச உடனே எல்லாரும் போய்ச் சுவர்ல சாய்ஞ்சு போட்டோ எடுப்பாங்க. தயவு செஞ்சு விடாதீங்க. கதவு நிலையைக் கழட்டினப்ப அதுக்கு மேல இருக்கிற கல் வரிசைக்குத் தாங்கு போயிருக்கும். ரெண்டு பக்கமும் சுவர் தளர்ந்திருக்கும். நிலை இருந்த இடத்துக்கு மேல புதுசா சாய்வாட்டமா விரிசல் ஓடியிருந்தா அந்த அறைக்குள்ள யாரையும் விடாதீங்க. முடிஞ்சா சுவர்னு இருக்கிறதைத் தூண்னு மாத்திடுங்க. வராந்தா தூண்ல இன்னும் யாரும் கை வெச்சிருக்க மாட்டாங்க.

மரபுப்பித்தன்:
உன்தூணில் என்று போட்டாலும் தளை தட்டாது. தேமாங்காய், அடுத்து தோள் நேர். இலக்கணத்துக்கு இரண்டும் ஒன்றுதான். முடிவு அம்மாவுடையது.

கொருக்குப்பேட்டை குணா:
தூண்ல யாரு சார் தோளைச் சாய்ச்சு வகுப்புல உக்காந்தாங்க? எண்ணெய்க் கறை சுவர்லதானே இருக்கு. பொய்யா ஆயிடும்.

கொத்தனார்மகன்:
பொய்யா இருந்தா இருக்கட்டும் அண்ணே. ஆள் மேல கல் விழாம இருந்தா சரி.

பின்வரிசைக்காரி:
பாட்டில் சுவர் அப்படியே இருக்கட்டும், தம்பி. அந்தக் கறை எங்களுடையது, அதை என்னால் தூணுக்கு மாற்ற முடியவில்லை. ஆனால் நீங்கள் சொன்னதை எடுத்துக்கொண்டேன். வகுப்பு வாசல்களுக்குக் கயிறு கட்டிவிடுகிறோம், கறையை வராந்தாவில் நின்றே பார்த்துக்கொள்ளலாம். வாசிப்பதை முற்றத்துக்கு மாற்றியாகிவிட்டது. மைக் வேண்டாம் என்று நினைக்கிறேன். முற்றத்தில் நூறு பேர்வரை நிற்கலாம், என் குரல் எட்டும்.

ஐயா, கடைசியாக ஒன்று. இரண்டு பாட்டையும் ராகத்தோடு பாட வேண்டும் என்று எங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். பாடலாமா?

மரபுப்பித்தன்:
வேண்டாம் அம்மா. வெண்பாவுக்கு உரியது செப்பல் ஓசை. ஒருவருக்கு ஒருவர் நேரே சொல்வது போல இருக்க வேண்டும். இழுத்துப் பாடினால் நீங்கள் இவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்த தளை காதில் விழாது. ஒரு வெண்பா பதினைந்தே சீர், அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். கூட்டம் திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விடும். அதனால் ஒவ்வொரு பாட்டையும் இரண்டு தரம் சொல்லுங்கள். முதல் தரம் சீர் சீராக, மெதுவாக. இரண்டாம் தரம் பேசுவது போல.

வியாசை கானா:
யக்கா நீங்க சொல்லுங்க, பாடறத நான் பாத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை டேப் மேளம் எட்துக்கினு வரேன், காசு வேணாம். ஆனா பேர் எல்லாம் எனக்கு வேணும். வாத்தியாருங்க, வாட்ச்மேன், மணி அடிச்சவரு, சத்துணவு சமைச்சவங்க. எவ்ளோ கெடைக்குதோ அவ்ளோ அனுப்புங்க. ஆயா பேர் தெரிஞ்ச ஆளு யாராச்சும் இந்த இழையைப் படிச்சா இங்கயே போடுங்க.

சேகர்_தண்டையார்பேட்டை:
மணி அடித்தவர் எங்கள் தெருவில்தான் இருந்தார். அவர் மகனைத் தெரியும். கேட்டுவிட்டு நாளைக்குள் எழுதுகிறேன். ஆயாவைப் பற்றியும் அவர் வீட்டில் விசாரிக்கிறேன்.